செருப்பு ரிட்டர்ன் தாங்கல, சைஸ் சார்ட் போட்டும் குறையல. உதவி ப்ளீஸ்

சேலத்து_செருப்பு
வணக்கம். ஆன்லைன்ல செருப்பு விக்கறேன், குடோன் செவ்வாய்ப்பேட்டை. போற நாலு ஜோடியில ஒண்ணு திரும்பி வருது. சைஸ் சார்ட் போட்டிருக்கேன், போட்டோவும் நல்லாத்தான் இருக்கு. போக வர கூரியர் காசுக்கே லாபம் சரியாப் போயிடுது. என்ன பண்ணலாம்? கொஞ்சம் அவசரம்.

குகை_மணி
லேடீஸா ஜென்ட்ஸா? மூடினதா திறந்ததா? ரிட்டர்ன்னு நீங்க சொல்றது போட்டுப் பார்த்துட்டு அனுப்பறதா, இல்ல கேஷ் ஆன் டெலிவரியில வாங்காமலே திருப்பி விடறதா? ரெண்டாவதுன்னா எந்த சார்ட் போட்டாலும் குறையாது, அது வேற தலைவலி.

பழைய_வியாபாரி
இந்தக் கேள்வி இங்க வாராவாரம் வருது. தேடிப் பார்க்கற பழக்கம் யாருக்கும் இல்ல. நம்ம ஜனங்க கால் அகலம். "ஒரு சைஸ் கூட எடுக்கவும்"னு பெருசா எழுதிப் போடுங்க, பாதி குறையும். பத்து வருஷமா நான் அதைத்தான் பண்றேன்.

ஏற்காட்டுக்காரன்
நானும் ஆன்லைன்ல ஷூ வாங்கி மாட்டிக்கிட்டேன். ஏறும்போது ஒண்ணும் தெரியல, மலை இறங்கும்போது கட்டைவிரல் முன்னாடி இடிச்சு நகம் கறுத்துப் போச்சு. மாத்திக் கேட்டா நாள் தாண்டிடுச்சுங்கறாங்க. இதுக்கு என்ன பண்றது?

சேலத்து_செருப்பு
சாரி, சொல்லாம விட்டுட்டேன். லேடீஸ் பெல்லி, முன்னாடி ரவுண்டு, 4 முதல் 8 வரைக்கும். வாங்காம திருப்பறதைக் கணக்குல சேர்க்கல. காரணம் பாதிப் பேர் "சின்னது", மீதி "குவாலிட்டி". சார்ட் நெட்ல எடுத்தது, யூகே இந்தியா சைஸ்தான்.

ஆம்பூர்_பேட்டர்ன்
தம்பி, ஆம்பூர்ல பேட்டர்ன் செக்‌ஷன்ல இருந்தவ நான். ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. "சின்னது"ன்னு வந்தது எந்தெந்த சைஸ்? ஒரு ஜோடியைத் திருப்பிப் பாருங்க, சோலுக்கு அடியில 37, 38ன்னு ஏதாவது பொறிச்சிருக்கா?

"குவாலிட்டி"யை அப்படியே நம்பாதீங்க. பட்டியல்ல எது முதல்ல இருக்கோ அதைத் தட்டறவங்க நிறைய. திரும்பி வந்த ஜோடியோட பின்பக்கத்தைப் பாருங்க. குதிகால் உள்ள போகாம மிதிச்சுப் பார்த்திருந்தா அந்த விளிம்பு உள்பக்கமா மடிஞ்சு கோடு விழுந்திருக்கும். அப்படி இருந்தா காரணம் என்ன எழுதியிருந்தாலும் அது சைஸ் கேஸ்தான்.

சேலத்து_செருப்பு
அக்கா, பார்த்தேன். 4, 5ல ரிட்டர்ன் ரொம்பக் கம்மி. 6ல கொஞ்சம். 7, 8தான் குவியுது. 8ன்னு ஸ்டிக்கர் ஒட்டின ஜோடிக்கு அடியில 41னு இருக்கு, 4க்கு 37. "குவாலிட்டி"ன்னு வந்ததுலயும் பாதிக்கு மேல பின்னாடி மடிஞ்சிருக்கு.

பழைய_வியாபாரி
37னா 4, 41னா 8. ஊர் உலகம் பூரா அப்படித்தான் ஒட்டறாங்க. இதுல புதுசா என்ன கண்டுபிடிப்பு?

ஆம்பூர்_பேட்டர்ன்
ஒட்டறாங்க, அதனாலதான் 8 திரும்பி வருது. அடியில இருக்கற 37, 41 யூரோ சைஸ். யூரோவுல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் 6.67 மில்லிமீட்டர். யூகேவுல 8.47. உங்க மோல்டு யூரோ கணக்குல வளருது, ஸ்டிக்கரும் சார்ட்டும் யூகே கணக்குல வளருது. 37ம் 4ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அங்கிருந்து நாலு படி ஏறினா மோல்டு 27 மில்லிமீட்டர்தான் கூடும், சார்ட்ல 34 கூடியிருக்கும். 8 போடற பொண்ணுக்கு 7 மில்லிமீட்டர் பற்றாக்குறை, அதாவது முக்கால் சைஸுக்கு மேல.

தம்பி, சப்ளையர் வார்த்தையை நம்பாம நீங்களே அளங்க. மெல்லிசான ஸ்டீல் டேப்பைக் குதிகால் சுவர்ல இருந்து முனை வரைக்கும் உள்ள விட்டு ஒவ்வொரு சைஸும் எடுங்க. ஒரு ஜோடி போதாது, வேற வேற லாட்ல எடுங்க.

சேலத்து_செருப்பு
4 சைஸ் உள்ளளவு 24.5 செ.மீ, 8 சைஸ் 27.2. நடுவுல இருக்கறதும் நீங்க சொன்ன மாதிரி ஆறு ஏழு மில்லிமீட்டர்தான் ஏறுது. நெட் சார்ட்ல 4க்குப் பாதம் 23.5, 8க்கு 26.9ன்னு இருக்கு.

ஆம்பூர்_பேட்டர்ன்
இப்ப பாருங்க. ரவுண்டு முனை பெல்லிக்கு விரலுக்கு முன்னாடி ஒரு 10 மில்லிமீட்டர் வெற்றிடம் வேணும். 24.5ல அதைக் கழிச்சா 23.5, அதனாலதான் 4ல பிரச்சினை வரல. 27.2ல கழிச்சா 26.2. ஆனா உங்க சார்ட் 26.9 பாதத்தை 8க்குள்ள போகச் சொல்லுது. உள்ளளவுக்கும் பாதத்துக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நுழையவே நுழையாது.

நெட் சார்ட்டைத் தூக்கிடுங்க. "பாத நீளம் இவ்வளவு வரை"ன்னு செ.மீ.ல, இந்த மாடலுக்குன்னு தனியா போடுங்க: 4க்கு 23.5, 5க்கு 24.2, 6க்கு 24.8, 7க்கு 25.5, 8க்கு 26.2. நம்பரை மாத்தாதீங்க, ஜனங்க 7ன்னுதான் தேடுவாங்க. கூர் முனை மாடல் வந்தா முன்னாடி இன்னும் ஜாஸ்தி விடணும், அதுக்கு வேற சார்ட்.

பெரியவர் சொன்ன "ஒரு சைஸ் கூட"ங்கறது 7, 8க்கு ஓரளவு சரி. 4, 5 வாங்கறவங்களும் அதைப் படிச்சுட்டுக் கூட எடுத்தா, இப்ப வராத "பெருசு" ரிட்டர்ன் அங்க வரும்.

பழைய_வியாபாரி
செ.மீ. போட்டா யார் அளக்கப் போறா? நம்ம வீட்டுல ஸ்கேலே இருக்காது.

குகை_மணி
ஏ4 பேப்பர் போதுமே. நீளம் 29.7 செ.மீ. சுவரோரமா நெடுக்க வச்சு, குதிகாலைச் சுவர்ல ஒட்டி நின்னு, நீளமான விரலுக்கு நேரா கோடு. அந்தப் படத்தை ரெண்டாவது போட்டோவா போட்டா பார்ப்பாங்க, கடைசியில போட்டா யாரும் தள்ளிப் போய்ப் பார்க்க மாட்டாங்க. சாயங்காலம் அளக்கச் சொல்லுங்க, கால் கொஞ்சம் ஊதியிருக்கும்.

பழைய_வியாபாரி
காலையில அளந்தாலும் சாயங்காலம் அளந்தாலும் ஒண்ணுதான். பெல்லி கொஞ்ச நாள்ல தானே இளகும்.

குகை_மணி
தோல்னா இளகும். இது ரெக்சின். அகலமே ரொம்ப இளகாது, நீளம் எங்க இளகப் போகுது?

பழைய_வியாபாரி
ரெக்சினும் இளகும். வித்துப் பார்த்தவனுக்குத் தெரியும்.

வீரபாண்டி_அம்மு
நடுவுல வரேன். சென்னை தோல் ஆராய்ச்சி நிலையம் சி.எல்.ஆர்.ஐ. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல கால் அளந்து, நமக்குன்னு "பா"ன்னு ஒரு சைஸ் முறை சொல்லியிருக்காங்களே. அது வந்தா இந்தக் குழப்பம் தீர்ந்துடுமா?

ஆம்பூர்_பேட்டர்ன்
நம்ம கால் அகலம்னு அதுலயும் வந்துச்சு, பெரியவர் அந்த விஷயத்துல சரிதான். ஆனா மோல்டு மாத்தற செலவை யார் போடறதுங்கறதுதான் கேள்வி. அது வரைக்கும் டேப்தான்.

தம்பி, இன்னொண்ணு. அகலத்தை இந்த சார்ட் தீர்க்காது. போட்டோவுல செருப்பு மட்டும் தனியா இருக்குன்னு நினைக்கறேன். கால் போட்டு மேல இருந்து ஒரு படம் எடுங்க, முன்பக்கம் எவ்வளவு மூடுதுன்னு அவங்களே பார்த்துக்குவாங்க. "லெதர் ஃபினிஷ்"னு எழுதியிருந்தா "ரெக்சின்"னு மாத்திடுங்க. அதை நிஜத் தோல்னு நினைச்சு வாங்கறவங்களோட ரிட்டர்ன்தான் உண்மையான "குவாலிட்டி" ரிட்டர்ன்.

ஏற்காட்டுக்காரன்
அப்ப என் ஷூவுக்கும் அந்த 10 மில்லிமீட்டர்தானா?

குகை_மணி
இறக்கத்துல நீளம் மட்டும் பத்தாது பாஸ், கால் முன்னாடி சறுக்காம மேல லேஸ் இறுக்கிப் பிடிக்கணும். முதல்ல லேஸைச் சரியாக் கட்டிப் பாருங்க. வேணும்னா தனியா ஒரு இழை போடுங்க.

சேலத்து_செருப்பு
எல்லாருக்கும் நன்றி, வேலையில லேட் ஆயிடுச்சு. புது சார்ட்டும் ஏ4 படமும் போட்டாச்சு. 7ல "சின்னது" நல்லாவே குறைஞ்சுது. 8ல ஆர்டரே குறைஞ்சுது, 26.2 தாண்டினவங்க பார்த்துட்டு வாங்காமப் போறாங்க போல. முன்பக்கம் இறுக்கம்னு வர்றது அப்படியேதான் இருக்கு. சப்ளையர்கிட்ட 42 மோல்டு கேட்டிருக்கேன்.

குகை_மணி
அந்த 42க்கு என்ன நம்பர் ஒட்டப் போறீங்க? கணக்குப்படி அதுதான் நிஜமான 8. ஆனா 41ல ஏற்கெனவே 8 ஒட்டி வித்துட்டு இருக்கீங்களே.