நாமினி கணவரின் அண்ணன்: பங்குகள் யாருக்குச் சேரும்?

காவேரிக்கரை:
என் கணவர் மார்ச்சில் மாரடைப்பில் தவறிவிட்டார். உயில் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு, 2003-இல் டீமேட் கணக்கு தொடங்கியபோது அண்ணனை நாமினியாகப் போட்டவர், அப்புறம் மாற்றவே இல்லை. அதில் சுமார் 9 லட்சத்துக்குப் பங்குகள் இருக்கின்றன. ஒரு மியூச்சுவல் ஃபண்டில் 3.80 லட்சம்; அதற்கு நாமினியே கிடையாது. வீட்டில் நான், 19 வயது மகள், மாமியார். "நாமினி நான், பங்குகளும் எனக்குத்தான்" என்கிறார் மூத்தவர். அப்படியா?

சேலத்துக்காரன்:
நாமினி போட்டால் அவருக்குத்தான் மேடம். ஃபண்டுக்கு நீங்கள் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கியே ஆக வேண்டும்.

பழைய கணக்கர்:
பாதிதான் சரி தம்பி. டீமேட்டில் இருப்பதை நாமினி பெயருக்குத்தான் மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் அவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் அல்ல. 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அம்மா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகள், மாமியார் மூவருக்கும் சம பங்கு. அண்ணனுக்கு ஒன்றுமில்லை. அவர் தன் கணக்குக்கு வந்ததை உங்கள் மூவரின் கணக்குகளுக்கும் மாற்றித் தர வேண்டும். இது நாமினியிடமிருந்து வாரிசுகளுக்குப் போகும் மாற்றம் என்று வரித்துறைக்குத் தெரிவிக்க, 2026 ஜனவரியிலிருந்து TLH என்ற குறியீடு இருக்கிறது. இந்த மாற்றம் விற்பனை ஆகாது, வரி வராது. பின்னால் விற்கும்போது உங்கள் கணவர் வாங்கிய விலைதான் கணக்கு. அவருடைய பழைய ஸ்டேட்மென்ட்களைப் பத்திரமாக வையுங்கள்.

ஃபண்டுக்கு இந்தத் தொகைக்குக் கோர்ட் தேவைப்படாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, உங்கள் கேஒய்சி, ரத்து செய்த காசோலை, பிரமாணப் பத்திரம், ஈட்டுறுதிப் பத்திரம், அதோடு மகளும் மாமியாரும் கையெழுத்திட்ட ஆட்சேபனையின்மைக் கடிதம். மாமியார் கையெழுத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவரை வாரிசாகவே யாரும் நினைப்பதில்லை. இன்னொன்று, கணவரின் பாஸ்வேர்டு தெரிந்தாலும் அதைப் போட்டு விற்றுவிடாதீர்கள்.

நெல்லை வாசகன்:
எங்கள் அப்பாவின் காகிதப் பங்குகளில் ஒன்றில் 'எஸ். முருகன்', இறப்புச் சான்றில் 'சண்முகம் முருகன்'. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே எட்டு மாதம் ஓடியது. பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் அக்கா.

காவேரிக்கரை:
பான் கார்டில் இனிஷியல், ஃபண்டில் முழுப் பெயர். இப்போதுதான் கவனித்தேன். மாமியார் கையெழுத்துப் போடுவார். மூத்தவர் தர மறுத்தால்?

பழைய கணக்கர்:
அப்படியானால் சிவில் வழக்குதான். அவர் விற்பதற்குள் தடையாணை கேட்க வேண்டும். வக்கீலை இந்த வாரமே பாருங்கள். அதற்கு முன்பு மாமியாரை விட்டு ஒருமுறை பேசச் சொல்லுங்கள். அவருடைய பங்கும் அதில்தானே இருக்கிறது.