பப்ளிகேஷன் பயாஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கும்பகோணம், புள்ளியியல் ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். வேளாண்மை மாணவர்களுக்கான கையேட்டின் கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே கேள்வியைப் பலர் ஆராய்ந்திருக்கும்போது அவர்களின் முடிவுகளைத் திரட்டி ஒரே மதிப்பீடாக்கும் முறைக்கு, அதாவது 1976இல் ஜீன் கிளாஸ் மெட்டா அனாலிசிஸ் என்று பெயரிட்டதற்கு, 'திரட்டாய்வு' என்று எழுதியிருக்கிறேன். பலன் காட்டிய ஆய்வுகளே அதிகம் அச்சேறுவதால் அந்தத் திரட்டு ஒரு பக்கம் சாய்ந்துபோகும் கோளாறுதான் பப்ளிகேஷன் பயாஸ். அதை 'வெளியீட்டுச் சார்பு' என்று எழுதினால், பத்தாம் வகுப்பில் உறவுகளும் சார்புகளும் படித்த பிள்ளைகள் கணிதச் சார்பையே நினைப்பார்கள். வேறு சொல் தாருங்கள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
அம்மா, சொல் நம் கையிலேயே இருக்கிறது. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை' என்கிறது 118ஆம் குறள். கோடுதல் என்றால் ஒரு பக்கம் வளைதல். 'யாழ்கோடு செவ்விது' என்பதிலும், கொடுங்கோல் என்பதிலும் அந்த வளைவே உள்ளது. துலாக்கோலே உவமையாக நிற்கும்போது நிறையிட்டுச் சராசரி காணும் துறைக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? 'வெளியீட்டுக் கோட்டம்' என்று வையுங்கள்.

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, எங்கள் ஊரில் கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம்தான். வெளியீட்டுக் கோட்டத்தை ஒரு பதிப்பு அலுவலகம் என்றே மாணவர் படிப்பார். 'வெளியீட்டுச் சாய்வு' எளிது. மேலும், வெளிவந்த முடிவுகளின் சராசரியைத்தானே எடுக்கிறோம்? முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், உண்மைப் பயனே ஆய்வுக்கு ஆய்வு வேறுபடலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையைப் பயன்படுத்தினால் இந்தக் கோளாறும் தீர்ந்துவிடும் அல்லவா?

ஆடுதுறை, உழவியல் ஆய்வாளர்:
தீராது, கூடவும் செய்யலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஓர் உயிர் உரம் நெல் விளைச்சலை ஹெக்டேருக்கு எத்தனை கிலோ கூட்டுகிறது என்று ஐந்து சோதனைகள் நடந்தன என்று கொள்வோம். பெரிய சோதனை 100 கிலோ என்கிறது. அதன் திட்டப்பிழை, அதாவது அந்த மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு, 100. நான்கு சிறிய சோதனைகள் 500, 300, −100, −300 என்கின்றன. ஒவ்வொன்றின் திட்டப்பிழையும் 200. திட்டப்பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக நிறை தருவதால் பெரியதற்கு 4 பங்கு, சிறியவற்றுக்கு ஒவ்வொரு பங்கு. ஐந்தையும் திரட்டினால் விடை 100. 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −39 முதல் 239 வரை. பூஜ்யமும் அதற்குள் இருப்பதால் பயன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

விளைச்சல் குறைந்த இரண்டு சோதனைகளும் அச்சேறவில்லை என்றால், மிஞ்சிய மூன்றின் திரட்டு 200. இடைவெளி 40 முதல் 360 வரை. பயன் இரட்டிப்பானதோடு, உறுதியானதாகவும் தோன்றுகிறது. எந்தச் சோதனையிலும் பொய் இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறை சிறிய சோதனைகளின் பங்கை ஒப்பளவில் உயர்த்துவதால், இந்த மூன்றின் விடை 200க்கும் மேலே போகும்.

திருவாரூர், விவசாயி:
வணக்கம். என் குறுவை வயலில் அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் இட்ட ஆண்டு விளைச்சல் கூடியது; அது எந்த இதழிலும் வரவில்லை. அதையும் இந்தத் திரட்டில் சேர்ப்பீர்களா?

ஆடுதுறை, உழவியல் ஆய்வாளர்:
அண்ணா, உரமிடாத பாத்தி பக்கத்தில் இருந்து, இரண்டையும் பல முறை அளந்திருந்தால் அதற்குத் திட்டப்பிழை கிடைக்கும், அதைக் கொண்டு நிறையும் தரலாம். அது இல்லையென்றால் சேர்க்க வழியில்லை. ஆனால் உங்கள் கேள்வி சொல் விவாதத்துக்கே உதவுகிறது: பலன் தராத வயலைப் பற்றி யாராவது இங்கே எழுதியிருப்பார்களா?

திருவாரூர், விவசாயி:
பலன் தராதவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்? பக்கத்து வயல்காரர் இன்று வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கும்பகோணம், புள்ளியியல் ஆசிரியை:
அப்படியானால் 'இருட்டடிப்பு' என்று சொல்லலாமா?

ஆடுதுறை, உழவியல் ஆய்வாளர்:
வேண்டாம், அது திட்டமிட்டு மறைத்ததாக ஆகிவிடும். இதழ் மறுப்பதும் உண்டு. ஆய்வாளரே அனுப்பாமல் விடுவதும் உண்டு. 'வெளியீடு' என்ற முன்சொல்லிலும் எனக்கு முழு நிறைவில்லை. 2008இல் டர்னர் குழுவினர், மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தனர். அமைப்பு சாதகமானவை என்று மதிப்பிட்ட 38இல் 37 வெளிவந்தன. மற்ற 36இல் 22 வெளிவரவில்லை. 11 சாதகமானவை போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன. 3 மட்டுமே உள்ளபடி வந்தன. அந்த 11ம் வெளியானவைதாம். அவற்றையும் இந்தச் சொல் தாங்க வேண்டுமா?

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
கோட்டம் தாங்கும். உள்ளது வளைந்தாலும், உரைப்பது வளைந்தாலும் கோட்டமே. அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன என்பதற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிட வேண்டுமா? சாய்வு மட்டும் கணிதத்தில் நேர்கோட்டின் சாய்வாக இல்லையா?

கும்பகோணம், புள்ளியியல் ஆசிரியை:
இருக்கிறது ஐயா, ஆனால் சாய்வைக் கேட்கும் மாணவர் ஒரு பக்கம் சரிவதையாவது நினைப்பார். அதனால் தஞ்சாவூரார் சொன்னபடி அச்சுக்கு 'வெளியீட்டுச் சாய்வு' என்று அனுப்புகிறேன். தங்கள் கோட்டத்தை அடிக்குறிப்பில் வைக்கிறேன். அந்த 11 ஆய்வுகளை 'திரித்துரைத்தல்' என்று தனிப் பத்தியில் எழுதலாம் என்று எண்ணுகிறேன், ஆடுதுறையார் ஒப்புகிறாரா?

ஆடுதுறை, உழவியல் ஆய்வாளர்:
தனிப் பத்தி சரி. திரித்துரைத்தலில் மீண்டும் கெட்ட எண்ணம் ஏறிவிடுகிறது. ஐந்து சோதனைக் கணக்கை அதற்கு முன்னே வையுங்கள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
அடிக்குறிப்பை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.