'ஒலியேவல்' பொருந்துமா? மீன் ஏலக் காட்சியை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

வியோ 3 போன்ற காணொளி ஆக்கும் கருவிகள் காட்சியோடு ஒலியையும் சேர்த்தே உருவாக்குவதால், கருவிக்கு நாம் எழுதித் தரும் ஏவுரையில் ஒலிக்கென்று தனி வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. அவ்வரிகளை 'ஒலிக்குறிப்பு' என்றே இதுவரை எழுதிவந்தேன். சலசல, மடமட போன்ற சொற்களுக்கும் அதே பெயர் வழங்குவதால் 'ஒலியேவல்' எனலாமா என்று கேட்கிறேன்.

காசிமேட்டு விடியற்காலை ஏலத்தை 8 நொடிக் காட்சியாக எழுதியபோது இத்தேவை எழுந்தது. "கூடைகள், ஐஸ், ஈரத் தரை, கூவும் வியாபாரிகள்" என்று அடுக்கினேன். சொல் பிரியாத ஒரே இரைச்சல்தான் வந்தது.

*

ஐயா, புதுச்சொல் எதற்கு? 'சலசல' என்றே ஏவுரையில் எழுதிவிடலாமே. இரட்டைக்கிளவி நம்மிடம் ஏராளம். மேலும், 'ஏவல்' என்றதும் எங்கள் ஊரில் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வரும்.

*

நான் நாகப்பட்டினத்தில் ஏல ஒலியைப் பதிவு செய்திருக்கிறேன். ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்கு அருகில் நின்றால் வேறெதுவும் பதிவாகாது. ஒலிவாங்கியைத் தள்ளி வையுங்கள்.

*

வணக்கம். நண்பர் ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்கிறார். இங்கே கேள்வி எழுத்தைப் பற்றியது. என்றாலும், ஓர் ஒலி மற்றவற்றை விழுங்கிவிடும் என்று அவர் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

'சலசல' ஒலியைச் சொல்கிறதே தவிர, அது எதிலிருந்து எழுகிறது என்று சொல்வதில்லை. திரையில் தெரியும் செயலோடு ஒலியைக் கட்டினால்தான் இரண்டும் ஒரே நொடியில் விழ வாய்ப்புண்டு. நான் ஆங்கிலத்தில் இட்ட ஏவுரையின் தமிழ் வடிவம் இது:

"விடியுமுன், குழல்விளக்கு பளபளக்கும் ஈரச் சிமெண்டுத் தரை. முன்னே ஒரு பெண் மண்வாரியை நொறுக்கிய ஐஸில் இறக்கி, வஞ்சிரக் கூடைமேல் கொட்டுகிறார். ஐஸ் சரியும் ஒலி அருகில் கேட்கிறது. நீலச் சட்டைக்காரர் மட்டும் கூவுகிறார்: ஆயிரத்து இருநூறு, ஒரு தரம்! மற்றவர்கள் குரல் சொல் தெளியாத முணுமுணுப்பாகத் தொலைவில்."

பேசுபவரை உடையால் சுட்டாவிட்டால், ஏலக்காரர் வாயசைக்க, வாங்குபவர் குரல் கேட்கும். வெறுமனே 'ஈரத் தரை' என்றபோது மழைச் சத்தம் கேட்டது. விளக்கொளியைச் சேர்த்ததும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பிழை எளிதில் பிடிபடும்: மண்வாரி எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாவிட்டால் வரியைத் திருத்த வேண்டும். 8 நொடியில் ஒரு கூவலுக்குமேல் திணித்தால் எண்கள் குழறுகின்றன.

சொல்லுக்கு வருவோம். ஏவல் வினைமுற்று என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்குப் பில்லி சூனியம் தடையாகாது. மண்வாரிக்கு 'ஒலியேவல்' மிகவும் பொருந்தும். தொடர்ந்து கேட்கும் முணுமுணுப்பை எதுவும் ஏவுவதில்லையே, அதைச் 'சூழலொலி' என்று பிரிக்கலாம்.

*

பிரிப்பதை ஏற்கிறேன். ஆனால் இரண்டையும் நாம்தானே எழுதிக் கேட்கிறோம்? அவ்வகையில் முணுமுணுப்பும் ஏவப்பட்டதே. இரண்டுக்கும் பொதுவான பெயர் இன்னும் கிடைக்கவில்லை.