கலைச்சொல் விவாதம்: பெயர்ப்பலகைத் தமிழின் உயரத்தை எதைக் கொண்டு அளப்பது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். தமிழும் ஆங்கிலமும் இடம்பெறும் பலகைகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டி ஒன்றை எழுதிவருகிறேன். ஆங்கிலத்தில் சிறிய எழுத்தான எக்ஸின் உயரத்தை அளவுகோலாகக் கொள்கிறார்கள். தமிழில் மேல்விலங்கையும் கீழ்விலங்கையும் புள்ளியையும் விட்டுவிட்டு, எழுத்தின் நடுப்பகுதியை மட்டும் அளந்தால் கிடைக்கும் உயரத்தை எப்படிச் சொல்வது? ‘எழுத்தளவு’ என்றால் கணினியில் நாம் தேர்ந்தெடுக்கும் எண்ணே நினைவுக்கு வருகிறது. ‘உடலுயரம்’ எனலாமா?

கட்டடப் பொறியாளர் எழுதியது:

புதிய சொல் தேவையா என்பதே என் ஐயம். இரு மொழிக்கும் ஒரே எழுத்தளவைக் கொடுத்தால் சமநிலை தானாக வந்துவிடாதா? அது போதாதெனில், கீழ்விலங்கின் அடியிலிருந்து மேல்விலங்கின் உச்சி வரை தமிழின் முழு உயரத்தை அளந்து, அதை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக்கினால் போதும். எங்கள் பலகையில் சிக்கலே வேறு: தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் அகலத்தில் அடங்குவதில்லை.

எழுத்துரு வடிவமைப்பாளர் எழுதியது:

பொறியாளர் ஐயா சொல்வதில் முழு உயரத்தை அளக்க வேண்டும் என்பது வரி இடைவெளிக்குச் சரி, எழுத்தின் பருமனுக்குச் சரியல்ல. ‘வெளியேறும் வழி’ என்ற பலகையையே எடுத்துக்கொள்வோம். எழுத்தளவு 100 மி.மீ. என வைத்தால், ஓர் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய எழுத்து 70 மி.மீ. உயரமும், தமிழின் நடுப்பகுதி 46 மி.மீ. உயரமும் இருக்கக்கூடும். ஒரே அளவைக் கொடுத்தும் தமிழ் ஆங்கிலத்தின் மூன்றில் இரண்டு பங்காகவே தெரியும். விலங்குகளோடு சேர்ந்த 90 மி.மீ. முழு உயரத்தை 70-க்குள் அடக்கினாலோ நடுப்பகுதி 36 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். தொலைவிலிருந்து படிப்பவருக்கு ‘ளி’யின் சுழியும் ‘று’வின் உள்வெளியும் அடைபட்டு, ‘ம்’ மேலுள்ள புள்ளியும் மறைந்துபோகும்.

மாறாக, நடுப்பகுதியைப் பெரிய எழுத்துக்குச் சமமாக்க வேண்டுமென்றால் தமிழை 152 மி.மீ. அளவுக்கு உயர்த்த வேண்டும். அகலமும் ஒன்றரை மடங்காகும். இங்கேதான் ஐயா கூறிய அகலச் சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தை முதலெழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சிறிய எழுத்தாக அமைத்தால், 50 மி.மீ. உயரமுள்ள எக்ஸுக்கு இணையாகத் தமிழ் 109 மி.மீ. அளவில் இருந்தால் போதும். மதிப்பீட்டில் முதலில் கேட்க வேண்டியது, ஆங்கிலம் முழுவதும் பெரிய எழுத்தாக உள்ளதா என்பதுதான். பலகையை நேர் எதிரில் நின்று படம்பிடித்து இரண்டு உயரங்களையும் அளந்து வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். எழுத்துருவின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

வரி இடைவெளியில் வேறொரு வகையான தவறு நேர்கிறது. ‘வெளியேறும்’ மேல்வரியிலும் ‘வழி’ அதன் கீழே நடுவிலும் அமைந்தால், மேல்வரி ‘று’வின் கீழிறக்கத்துக்கு அருகில் கீழ்வரி ‘ழி’யின் விலங்கு வந்து முட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இறக்கம் இல்லாததால் அதற்கு ஏற்ற இடைவெளி தமிழுக்குப் போதாது. அந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடையே எஞ்சும் வெளி, எழுத்துக்கோட்டின் தடிமனைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பலகையை ஏற்க மாட்டேன்.

சொல்லைப் பற்றி: ஈய அச்சுக்காலத்தில் எழுத்து நின்ற உலோகக் கட்டையே உடல் எனப்பட்டது, ஆகவே ‘உடலுயரம்’ எழுத்தளவோடு குழம்பும். ‘பகர உயரம்’ என்பதே என் பரிந்துரை. பகரத்தின் அடி தட்டையானது, இரு கால்களும் மேலே ஒரே மட்டத்தில் முடிகின்றன, மேலோ கீழோ எதுவும் நீளாது. எழுத்துருக் கோப்பில் உள்ள sxHeight ஆங்கில எக்ஸையே குறிக்கும் என்பதால் தமிழுக்கு இதனை நாம்தான் அளந்து குறிக்க வேண்டும்.

பலகை எழுதுபவர் எழுதியது:

கையால் எழுதும் நாங்கள் மேலும் கீழும் இரண்டு கோடு போட்டு, நடுஎழுத்தை அதற்குள் நிறுத்தி, விலங்கை வெளியே விடுவோம். ‘பகர உயரம்’ என்றால் என்னிடம் வேலை பழகும் பையனுக்குக் கோடு எங்கே என்று உடனே விளங்கும். ஆனால், ‘ட’வை அளந்தாலும் அதே உயரம்தானே? ஏன் ‘ப’?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘ட’வின் வலப்புறம் மேலே திறந்திருப்பதால் சாய்ந்து எடுத்த படத்தில் மேல்மட்டத்தைச் சரிபார்க்க ஒரே முனைதான் கிடைக்கும், பகரத்தில் இரண்டு. வழிகாட்டியில் ‘பகர உயரம்’ என்றே எழுதுகிறேன். ஆனால் அடிமூலைகள் வளைந்த அலங்கார எழுத்துருக்களில் வளைவு கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்குவதை அளவில் சேர்ப்பதா, விடுவதா என்பதற்கு இன்னும் விடை தேவை. வடிவமைப்பாளர் அம்மா கூறினால் அதையும் சேர்த்துக்கொள்வேன்.