மேல் டிவிஷன் குடும்பம்: ஞாயிறு மாலை

மோகன் மாமா 4.12
பேரன் போனில் ஒரு யுத்த விளையாட்டு போட்டுக் கொடுத்தான். எந்தப் பொத்தான் எதற்கு என்று வாசித்து முடிப்பதற்குள் என் கோட்டை எரிந்துவிட்டது. செஸ் மாதிரி, நான் யோசிக்கும் வரைக்கும் எதிரி சும்மா நிற்கிற விளையாட்டு ஏதும் இருக்கா?

விஜி 4.15
பாலிடோபியா போடுங்க மாமா. இலவசம், டேட்டாவும் தேவையில்லை. முறை வைத்துத்தான் ஆடணும். செஸ் மாதிரியே எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

கவிதா 4.17
இதை ஆடினால் பிள்ளைக்கு செஸ் ரேட்டிங் கூடுமா? என் மகள் அடுத்த மாதம் ஹட்டனில் போட்டிக்குப் போகிறாள்.

தர்ஷன் 4.25
கூடாது அக்கா, அதற்கு செஸ்தான் ஆடணும்.
விஜி சொன்னதில் பாதி சரி. பாலிடோபியாவில் சண்டையில் தாயக்கட்டை உருட்டுகிற கதை இல்லை. ஆனால் வரைபடத்தில் முக்கால்வாசி மேகம் மூடித்தான் இருக்கும். நம்ம கார்த்திகை மாதப் பனிமூட்டம் மாதிரி, பக்கத்தில் போனால்தான் யார் நிற்கிறார் என்று தெரியும். செஸ்காரருக்கு அது எரிச்சல்.
மாமா, உங்களுக்கு இன்டு தி பிரீச். 2018இல் வந்தது. பலகையே 8க்கு 8. உங்களிடம் மூன்றே காய், அதாவது மூன்று இயந்திரங்கள். பூச்சிகள்தான் எதிரி. அவை முதலில் நகர்ந்து, எந்தக் கட்டத்தை அடிக்கப் போகின்றன என்று காட்டிவிட்டு நிற்கும். அப்புறம் உங்கள் முறை. தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நிற்கும்.

மோகன் மாமா 4.27
அடுத்து என்ன செய்வான் என்று எதிரியே சொல்கிறானா? அதில் என்ன சவால்?

தர்ஷன் 4.38
எல்லாவற்றையும் கொல்ல முடியாது, அதுதான் சவால். செஸ் ஆடுகிறவர்கள் முதலில் சறுக்குவதும் அங்கேதான், காயை வெட்டத்தான் கை போகும். இங்கே வேலை வேறு. பெரும்பாலும் ஐந்து முறை தாக்குப்பிடித்து கட்டடங்களைக் காப்பாற்றினால் போதும். வெட்டுவதைவிடத் தள்ளுவது முக்கியம்.
செஸ் கட்டத்திலேயே சொல்கிறேன். c4இல் ஃபயர்ஃபிளை என்ற பூச்சி நிற்கிறது. அது நேர்கோட்டில் துப்பும். d4 காலி, e4இல் கட்டடம். ஃபயர்ஃபிளைக்கு உயிர் 3, உங்கள் குத்து 2தான், சாகாது. ஆனால் c3இல் நின்று குத்தினால் அது c5க்குத் தள்ளப்படும். துப்புகிற திசை மாறாது, வரிசை மட்டும் மாறும். d5 காலியாக இருந்து, e5இல் லீப்பர் என்ற இன்னொரு பூச்சி நின்றால் அந்தத் துப்பல் அதன் மேல் விழும். லீப்பருக்கு உயிர் 1. எதிரியை வைத்தே எதிரியை முடித்துவிட்டீர்கள்.

மோகன் மாமா 4.40
அட! லெப்டொப்பை எடுத்துக்கொண்டு வா தம்பி.

விஜி 4.41
காசு கொடுத்து வாங்கணுமே. மாமா முதலில் இலவசத்தைப் பார்க்கட்டும்.

தர்ஷன் 4.43
என் கணக்கில் இருக்கு, மாமா அதில் ஆடட்டும்.

மோகன் மாமா 7.52
தர்ஷன், நீ சொன்ன மாதிரியே ஒரு நிலை வந்தது. ஃபயர்ஃபிளையை c5க்குத் தள்ளினேன், லீப்பரும் செத்தது. ஆனால் சாவதற்கு முன்னாலேயே e6 கட்டடத்தை அடித்துவிட்டது. ஏமாற்று வேலை!

தர்ஷன் 7.56
இல்லை மாமா. பூச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்காது, அவற்றுக்குள் வரிசை உண்டு. அதைக் காட்ட ஒரு பொத்தான் இருக்கு. லீப்பர் 1, ஃபயர்ஃபிளை 2 என்று இருந்திருக்கும். அப்படி வந்தால் லீப்பரை நீங்களே பீரங்கியால் முடிக்கணும், ஒரு சூடு போதும். அதற்கு அப்புறம் ஃபயர்ஃபிளையைத் தள்ளுங்க. பூச்சிகள் அடித்த பிறகு திருப்ப முடியாது. உங்கள் முறையை முடிப்பதற்கு முன்னால் என்றால், ஒரு சண்டைக்கு ஒரு தடவை அந்த முறையை முதலிலிருந்து தொடங்க விடும்.

மோகன் மாமா 7.57
அந்த ஒரு தடவையை முதல் முறையிலேயே பாவித்துவிட்டேன்.

கவிதா 7.59
😂 அண்ணே, தொட்ட காயை நகர்த்தணும்!

தர்ஷன் 8.01
சுடுவதற்கு முன்னால் நடையை மட்டும் எத்தனை தடவையும் திருப்பி எடுக்கலாம். மூன்று காயையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சுடுங்க.

விஜி 8.03
இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத மாதிரிச் சொன்னாயே. மாமாவின் ஒரு கட்டடம் அடி வாங்கியும் தப்பியதே, பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

தர்ஷன் 8.05
அது ஒன்று இருக்கு. தொடக்கத்தில் கட்டடம் அடியைத் தாங்க 15 சதவீத வாய்ப்பு இருக்கும். அதை நம்பி ஆடாதீங்க. அடுத்து என்ன பூச்சி முளைக்கும் என்பதும் தெரியாது, முளைக்கிற இடம் மட்டும் தெரியும். அதனால் ஐந்து நகர்வு முன்னால் கணக்குப் போட்டுப் பிரயோசனம் இல்லை.

விஜி 8.06
அப்போ இதுவும் செஸ் இல்லை. நான் பாலிடோபியா பக்கம்தான்.

மோகன் மாமா 9.34
ஹோர்னெட் என்ற பூச்சியைத் தண்ணீரில் தள்ளினேன். மற்றதெல்லாம் மூழ்கிச் செத்தன, இது மட்டும் நிற்கிறது. பழுதா?

தர்ஷன் 9.35
அதற்கு இறக்கை இருக்கு மாமா.