பிளான்ட் ஹெட்டிடம் 15 நிமிடம் கேட்டு எழுதிய முதல் மெயில் – உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

ஓரகடம் டிரெய்னி

போன ஜூலையில் ஓரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னி இன்ஜினியராகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மெஷின் ஷாப் குவாலிட்டி. ஜனவரி 25-க்குள் எந்தத் துறை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். குவாலிட்டியிலேயே இருப்பதா, புராசஸ் இன்ஜினியரிங் போவதா? எங்கள் குடும்பத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன முதல் ஆள் நான். வீட்டில் யாரைக் கேட்பது? அறிமுக வாரத்தில் எங்கள் பிளான்ட் ஹெட் பேசும்போது, தானும் குவாலிட்டியில் தொடங்கி நாலு வருஷம் கழித்து உற்பத்திக்கு மாறியதாகச் சொல்லியிருந்தார். அவரையே கேட்டால் என்ன என்று தோன்றியது. அவருக்கும் எனக்கும் நடுவில் மூன்று படி.

முதலில் எழுதிய மெயில் மூன்று நாள் டிராஃப்டில் கிடந்தது. ஊர், கல்லூரி, சதவீதம், இறுதியாண்டு புராஜெக்ட், அப்பா பட்ட கஷ்டம் எல்லாம் இருந்தது. கடைசியில் ‘நீங்கள் எனக்கு மென்டாராக இருந்து வழிநடத்த வேண்டும்’ என்று முடித்திருந்தேன். சப்ஜெக்ட் ‘வழிகாட்டுதல் வேண்டி’. ரெஸ்யூமும் இணைத்திருந்தேன். ஹாஸ்டலில் என்னுடன் இருக்கும் அக்கா வேறு கம்பெனியில் ஷிஃப்ட் இன்ஜினியர். படித்துவிட்டு, “இதுக்கு அவர் என்ன பதில் எழுதணும்னு நீ எதிர்பார்க்குற?” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். அனுப்பியது ஆங்கிலத்தில்தான். தமிழில் இப்படி வரும்:

> சப்ஜெக்ட்: துறைத் தேர்வு பற்றி 15 நிமிடம் – டிரெய்னி, மெஷின் ஷாப் குவாலிட்டி
>
> வணக்கம் சார்,
>
> ஜனவரி 25-க்குள் நான் குவாலிட்டி, புராசஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதித் தர வேண்டும். நீங்கள் நாலு வருடம் குவாலிட்டியில் இருந்துவிட்டு உற்பத்திக்கு மாறியதாக அறிமுக வாரத்தில் சொன்னீர்கள். அப்படி மாறியபோது குவாலிட்டியில் கற்றதில் எது கைகொடுத்தது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
>
> செவ்வாய் அல்லது வியாழன் மாலை 4:30-க்கு மேல் உங்கள் அறைக்கு வர முடியும். வேறு நேரம் சொன்னாலும் வருகிறேன். அதற்குள் நேரம் இல்லையென்றால், வேறு யாரிடம் கேட்கலாம் என்று சொன்னாலே போதும்.

கீழே பெயர், எம்ப்ளாயி நம்பர், மொபைல் நம்பர். அவ்வளவுதான்.

டிசம்பர் 30 காலையில் அனுப்பினேன். எட்டு நாள் பதிலே இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று கேன்டீனில் அவர் வரும் நேரத்தைக்கூடத் தவிர்த்தேன். பிறகு அதே மெயிலுக்குக் கீழே, ‘சார், இந்த வாரம் அல்லது அடுத்த வாரம் 15 நிமிடம் கிடைக்குமா?’ என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: ‘வியாழன் 4:45. அறைக்கு வேண்டாம், லைனுக்கு வா.’

இதேபோல் எழுதியவர்கள், இப்படி மெயில் வாங்கியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். லைனில் என்ன நடந்தது என்று பிறகு எழுதுகிறேன்.

வேலை தேடும் மதுரைக்காரன்

தங்கச்சி, ரெஸ்யூமை எடுத்தது தப்பு. நான் இதுவரை நாற்பது பேருக்கு மேல் எழுதியிருக்கிறேன். ரெஸ்யூம் இல்லாமல் அனுப்பினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காலியிடம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்.

ஓரகடம் டிரெய்னி

அண்ணா, நான் ஏற்கெனவே அங்கேதான் வேலை செய்கிறேன். வேலை கேட்டு எழுதவில்லை, பேசத்தான் நேரம் கேட்டேன். உங்களுக்கு நல்ல வேலை சீக்கிரம் அமையட்டும்.

ஓய்வு பெற்ற ஆலை மேலாளர், ஓசூர்

அம்மா, இரண்டு ஆலைகளில் பொறுப்பில் இருந்தவன் நான். இந்த மாதிரி மெயில்கள் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து வரும். எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஏன் போடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

காலை புரொடக்‌ஷன் மீட்டிங் முடிந்து லைனுக்கு நடக்கும்போதுதான் மெயில் பார்ப்பேன், அதுவும் போனில். சப்ஜெக்டும் முதல் ஒன்றிரண்டு வரியும்தான் கண்ணில் படும். அந்த இடத்தை ‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்’ பிடித்துக்கொண்டால், இரவு பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். இரவில் அதற்கு மேல் அறுபது மெயில் வந்திருக்கும். உன் மெயிலில் தேதியும் விஷயமும் முதல் வரியிலேயே இருக்கிறது. அது சரி.

இரண்டாவது, மென்டார் என்ற சொல். அதற்குச் சரி என்றால், முகம் தெரியாத ஒரு பிள்ளையை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கிறேன். முடியாது என்று எழுதினால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும். இரண்டும் எழுத மனம் வராமல் அப்படியே விட்ட மெயில்கள் உண்டு. அதில் ஒரு பையன் பிறகு வேலையை விட்டுப் போனான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 15 நிமிடம் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பேன்.

டிசம்பர் 30-ம் தேதி அனுப்பினாயே, அதுதான் பிசகு. மாதக் கடைசி மூன்று நாளும் டிஸ்பேட்ச் எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் தலையில் ஏறாது. அது காலாண்டுக் கடைசியும் கூட. கஸ்டமர் ஆடிட் வாரமும் அப்படித்தான். பதில் வரவில்லை என்றால் கோபம் என்று அர்த்தமில்லை. ஒரு வாரம், பத்து நாள் விட்டு ஒருமுறை நினைவூட்டலாம், நீ செய்தது போல அதே மெயிலின் கீழேயே. மூன்றாவது முறை வேண்டாம்.

இன்னொன்று. உன் நேரடி மேலாளர் மேல் வருத்தம் ஏதும் இருந்தால் இந்த மெயிலில் ஒரு சொல்கூட வரக்கூடாது. வந்துவிட்டால் அது புகார். நான் ஹெச்ஆரைக் கூப்பிட்டாக வேண்டும். அதன்பின் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் பேச்சுக்கே இடமில்லை.

சேலம் வங்கி அதிகாரி

என் கதை வேறு. புரொபேஷனில் இருந்தபோது எங்கள் மண்டல மேலாளருக்கு எழுதினேன், இதே மாதிரி சின்ன மெயில். அரை மணி நேரத்தில் போன் வந்துவிட்டது! நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன். “சொல்லுப்பா, என்ன கேட்கணும்?” என்றார். ஹாரன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, கேட்க நினைத்ததும் மறந்துவிட்டது. “உங்க ஆசீர்வாதம் வேணும் சார்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டு வருஷம் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம். போன் நம்பர் போட்டு அனுப்பினால், அனுப்பும் முன்பே கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இருந்தால், ‘சார், பத்து நிமிடத்தில் நானே அழைக்கலாமா’ என்று கேட்கலாம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

சிறுசேரி டீம் லீட்

மெயிலை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் எல்லோரும் படிப்பார்கள். முக்கியமாக உங்கள் மேனேஜரை சிசி-யில் போட்டிருக்க வேண்டும். மேலே எழுதும்போது நடுவில் இருப்பவருக்குத் தெரியாமல் எழுதுவது முறையல்ல.

ஓய்வு பெற்ற ஆலை மேலாளர், ஓசூர்

செவ்வாய் காலை பத்து மணி உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தலாம். ஆலையில் அந்த நேரம் நான் லைனில் நிற்பேன். அந்தந்த மேலாளரின் நாள் எப்படி ஓடுகிறது என்று பார்த்து அனுப்புவதுதான் சரி.

நடுவில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிசி போட்டால், ‘உங்கள் மேனேஜரிடமே பேசிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். அவர் பார்க்க அவரைத் தாண்டிப் போனதாக ஆகிவிடக் கூடாதே. அனுப்பும் அன்று காலையில், “சார், துறைத் தேர்வு பற்றிப் பிளான்ட் ஹெட்டிடம் ஒரு பதினைந்து நிமிஷம் கேட்கப்போறேன்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும்.

கோவை டிசைன் இன்ஜினியர்

தங்கச்சி, நீ இடத்தையும் நேரத்தையும் நீயே எழுதியது ரொம்ப நல்லது. நான் ‘உங்கள் வசதிப்படி எங்கே என்றாலும்’ என்று எழுதினேன். ‘சனிக்கிழமை இரவு சாப்பிட வா’ என்று பதில் வந்தது. மறுக்கவும் பயம், போகவும் பயம். கடைசியில் ஒரு சீனியர் மேடம் சொல்லிக்கொடுத்தபடி, ‘நன்றி சார், அலுவலக நேரத்தில் மீட்டிங் ரூமில் என்றால் வசதியாக இருக்கும்’ என்று எழுதினேன். பிறகு அவர் பேச்சே எடுக்கவில்லை. பெண்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வேலை நேரம், வேலை செய்யும் இடம் இரண்டையும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

ஓரகடம் டிரெய்னி

அக்கா, நாங்கள் அதை யோசித்து எழுதவில்லை. இனி யாருக்காவது சொல்லித்தரும்போது சேர்த்தே சொல்கிறேன்.

வியாழன் 4:45-க்கு நோட்டும் மூன்று கேள்வியும் எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். அவர் துளை குடையும் போரிங் மெஷின் பக்கத்தில் நின்றார். சார்ட்டைக் காட்டி, “இந்த போர் அளவு காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகுது, ஏன்?” என்றார். டூல் முனையில் இருக்கும் இன்சர்ட் தேய்கிறது என்றேன். “சரி. எத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட் மாத்துறாங்க? அந்த எண்ணை யார் முடிவு பண்ணாங்க?” எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாக அந்த மெஷினிலிருந்து வரும் பீஸைத்தான் அளந்துகொண்டிருந்தேன். “நான் மாறினப்ப எனக்கும் தெரியாது. பீஸ் தப்புன்னு சொல்லத் தெரியும், தப்பு எங்க பிறக்குதுன்னு தெரியாது. அதைக் கத்துக்க ஒரு வருஷம் ஆச்சு” என்றார்.

குவாலிட்டியை விட வேண்டாம், ஆனால் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கேட்டு மாறு, ஒரு வருஷம் கழித்து புராசஸ் பற்றி யோசி என்றார். விருப்பப் படிவத்தில் அப்படி ஒரு தேர்வு இருப்பதே எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு, “சார், 15 நிமிஷம் ஆச்சு” என்றேன். அவரே இன்னும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசினார்.

அன்று இரவே இரண்டு வரி நன்றி எழுதினேன். மூன்று வாரம் கழித்து, அந்த மெஷினில் ஒவ்வொரு இன்சர்ட்டும் எத்தனை பீஸ் ஓடியது என்று குறித்து வைத்ததை ஒரு பக்கமாக அனுப்பினேன். அதற்கு, ‘நல்லது. புராசஸ் டீமிடம் காட்டு’ என்று வந்தது.

ஆனால் என் மேனேஜரிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலை மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் வாயிலாகத்தான் அவருக்குத் தெரிந்தது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். திட்டவில்லை. அவர் எனக்கு கேஜ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது என் பேட்ச் பையன் ஒருவன் இதே மாதிரி எழுதப் போகிறான். முதலில் மேனேஜரிடம் சொல் என்றேன். “எங்க மேனேஜர் வேண்டாம்னுதான் சொல்லுவார், சொன்ன பிறகு எப்படி அனுப்புறது?” என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. சார், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓய்வு பெற்ற ஆலை மேலாளர், ஓசூர்

“அனுப்பலாமா” என்று கேட்க வேண்டாம், “அனுப்பப்போறேன்” என்று சொல்லச் சொல். அதற்கும் வேண்டாம் என்றால் அனுப்ப வேண்டாம், அந்த ஆளின் கீழ்தான் அவன் தினமும் நிற்க வேண்டும். அப்போது பக்கத்துத் துறையில் ஒரு சீனியரைப் பிடிக்கச் சொல்.

சேலம் வங்கி அதிகாரி

இதில் நான் உடன்படவில்லை சார். அப்படி ஒரு மேனேஜர் இருப்பவனுக்குத்தானே மேலே ஒருவரிடம் பேச வேண்டிய தேவை அதிகம்?