பாட்டியின் கதையை எந்த வடிவில் எழுதுவது?

இன்னும் பிறக்காத என் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறேன். அதில் பாட்டியின் கதைகளும் இருக்க வேண்டும். பாட்டிக்கு மறதி கூடிவருகிறது, பயமாக இருக்கிறது.

ஆற்றைக் கடக்கும் நரிக் கதையை மூன்று முறை கைபேசியில் பதிவு செய்தேன். முதலில் நரி தப்பித்தது, அடுத்ததில் மூழ்கியது. மூன்றாவதில் பாதியிலேயே தன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “கதையைச் சொல்லுங்க பாட்டி” என்று குறுக்கிட்டேன். தம்பி பேச்சும் நின்றது, கதையும் நின்றது. இப்போதெல்லாம் “அப்புறம்?” மட்டும்தான் கேட்கிறேன்.

எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் “ம்ம்... கேளு” என்று அவர் இழுப்பது போய்விடுகிறது. பேச்சை அப்படியே எழுதினால் பிள்ளைக்குப் புரியுமா? இரண்டு முடிவுகளையும் தேதியோடு சேர்க்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.